"நிற்க எங்கேடி?": பாட்டி சொன்ன கடிதமும் நான் அனுப்பிய நாலு வரியும்

மூத்த பேத்தி

நடந்து பதினொரு நாள் ஆகிறது. இன்னும் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

சித்தப்பா மகளுக்குத் தமிழ் படிக்க வராது. பேசினால் வீட்டுப் பேச்சு கொஞ்சம் புரியும், அவ்வளவுதான். அவள் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விடப்போகிறாள் என்று எப்படியோ பாட்டி காதுக்கு வந்துவிட்டது. "உக்காரு, நான் சொல்றேன், நீ அவளுக்கு இங்கிலீசுல அனுப்பு" என்றார். முக்கால் மணி நேரம் சொன்னார். அன்புள்ள பேத்திக்கு ஆசீர்வாதம், இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் உன் நலமும் உன் அப்பா அம்மா நலமும் அறிய ஆவல், நிற்க. அப்புறம் முழங்கால் வலி, கண் மங்கல், அவள் ஏழு வயதில் வரைந்து கொடுத்த யானைப் படம் கண்ணாடிக்குப் பின்னால் இன்னும் இருப்பது, தன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியது. கடைசியில்தான் விஷயம் வந்தது:

"நீ படிப்ப நிறுத்தப் போறியாமே. நிறுத்தினாலும் நீ என் பேத்திதான். பாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

அவள் நீளமாக இருந்தால் படிக்க மாட்டாள். அதனால் நான் அனுப்பியது இவ்வளவுதான்: "பாட்டி இஸ் ஃபைன். ஷி ஹெர்ட் யூ ஆர் க்விட்டிங் காலேஜ். ஒய் டிடின்ட் யூ டெல் ஹெர்? ப்ளீஸ் ரிப்ளை."

பாட்டி போனை வாங்கி முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். எழுத்து புரியாது. வரிகளை மட்டும் விரலால் தடவினார். "இவ்வளவுதானா? நிற்க எங்கேடி?" என்று கேட்டார். அதெல்லாம் இங்கிலீசில் கிடையாது பாட்டி என்றேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ஹூ டோல்ட் ஹெர்?" அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. நான் ஒரு சொல்கூடப் பொய்யாக எழுதவில்லை. அப்படியும் எங்கே தப்பு செய்தேன் என்று தெரியவில்லை.

கடைக்குட்டி பேரன்

தப்பு அந்த 'ஆமே'யில் இருக்கிறது. அது வெறும் கேள்வி. "போறியாமே" என்றால் "போறியா?" என்பதைக் கொஞ்சம் மென்மையாகக் கேட்பது. நீங்கள் "யூ ஆர் க்விட்டிங், இஸ் இட்?" என்று போட்டிருந்தால் முடிந்திருக்கும். எங்கள் வீட்டில் நான் அப்படித்தான் போடுவேன், இதுவரை சண்டை வந்ததில்லை.

தட்டச்சுப் பிரியன்

நீளத்தைப் பற்றி நானும் நிறையப் பட்டிருக்கிறேன். என் பாட்டி சொன்னதைத் தமிழிலேயே குறுஞ்செய்தியாக அனுப்பினேன். மூன்று துண்டாகப் பிரிந்து, மூன்றாவது துண்டு முதலில் போய்ச் சேர்ந்தது. "உடம்பைப் பார்த்துக்கொள்" என்பது முதலில் போனதால் அங்கே பயந்துவிட்டார்கள். கதை அவ்வளவுதான். ஆனால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். குறுஞ்செய்தி ஒன்றில் ஆங்கில எழுத்து 160 அடங்கும், தமிழ் என்றால் 70தான். நீண்டு துண்டு துண்டாகப் போனால், ஒட்டுவதற்கான குறிப்புக்கும் இடம் வேண்டும் என்பதால் ஒரு துண்டுக்கு ஆங்கிலம் 153, தமிழ் 67 என்று குறையும். அந்த 70ம் நாம் எண்ணும் எழுத்து இல்லை. 'க்' என்பதில் ககரமும் புள்ளியும் தனித்தனியாக எண்ணப்படும். 'கொ'வும் இரண்டு. "பாட்டிக்கு" என்று எழுதினால் நமக்கு ஐந்து எழுத்து, போனுக்குப் பத்து. ஒரே ஒரு தமிழ் எழுத்தை ஆங்கிலச் செய்திக்கு நடுவில் போட்டாலும் செய்தி முழுக்க 70 கணக்குக்கு மாறிவிடும். அதனால் அளவு பார்த்து அனுப்புவதாக இருந்தால் முழுக்க ஆங்கிலமாகவே வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி என்பதையும் ஆங்கில எழுத்தில் போடுங்கள்.

மூத்த பேத்தி

அண்ணா, இது இணையம் வழியாகப் போகிற செய்தி, எழுத்துக் கணக்கு இல்லை. நான் சுருக்கியது அவளுக்காக.

ரெட்டைச் சடை

எனக்கு இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. எங்கள் பாட்டி மாமாவுக்குச் சொன்னது: "வீடு பழசாயிடுச்சு, நாம இத வித்துடலாம்." எழுதினது மாமா பையனுக்கு, அவன் மாமாவுக்குப் படித்துக் காட்டுவான். நான் போட்டது, "வி ஆர் செல்லிங் த ஹவுஸ்". பாட்டி சொன்ன 'நாம'வில் மாமாவும் உண்டு. 'வித்துடலாம்' என்பதில் நீ என்ன சொல்கிறாய் என்ற கேள்வியும் உண்டு. ஆங்கிலத்தில் 'வி' என்றதும் மாமா இல்லாத நாங்கள் ஆகிவிட்டது, முடிவும் எடுத்தாகிவிட்டது. மாமா அன்று இரவே கூப்பிட்டு, "நான் இன்னும் உயிரோடதான் இருக்கேன்னு அம்மாகிட்ட சொல்லு" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது. பாட்டிக்கு எதற்காகத் திட்டு விழுகிறது என்றே தெரியவில்லை. என்னால்தான் என்று நான் சொல்ல எனக்கு ஒரு வாரம் ஆனது.

சொல் மாற்றுபவள்

பல வருடம் மொழிபெயர்ப்பாளராக ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து பேசியவள் நான். மூத்த பேத்தி, உங்கள் நாலு வரியை மூன்று முறை படித்தேன்.

கடைக்குட்டி பேரன் பாதி சரி. 'ஆமே' கேள்விதான், ஆனால் வெறும் கேள்வி இல்லை. 'ஆம்' என்று முடித்தால் நான் பார்க்கவில்லை, காதில் விழுந்தது என்று அர்த்தம். அதை யாருடைய விஷயமோ அவரிடமே சொல்லும்போது வேறொன்றும் சேர்ந்துவிடுகிறது. உன் சங்கதி உனக்குத்தான் தெரியும், எனக்கு எட்டியது இவ்வளவுதான், இல்லை என்றால் இல்லை என்று சொல்லு. பாட்டி அந்தப் பெண்ணுக்குக் கதவைத் திறந்து வைத்துப் பேசியிருக்கிறார். "ஷி ஹெர்ட்" என்றதும் சொன்னவன் ஒருவன் உள்ளே வந்துவிட்டான். அந்தப் பெண் கேட்டதும் அவனைத்தான். "இஸ் இட்" போட்டிருந்தாலும் அதே விசாரணைதான், கொஞ்சம் சிரித்த முகத்தோடு.

இரண்டாவது, "ஷி". எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பது, பேசுகிறவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்றே சொல் என்பது. "பாட்டி கேட்கிறார்" என்று நீங்கள் எழுதியதும் பாட்டி ஓர் ஓரமாகப் போய்விட்டார், தங்கைக்கு முன்னால் அக்கா நிற்கிறாள். கேள்வி கேட்பதும் அக்காதான்.

மூன்றாவது, நீங்கள் விட்ட வரி. "நிறுத்தினாலும் நீ என் பேத்திதான்." முக்கால் மணி நேரமும் இந்த வரிக்காகத்தான். தன்னை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தியதை அவர் ஏன் சொன்னார் என்று நினைக்கிறீர்கள்? "சொல்லக் கூடாதா" என்பதும் காரணம் கேட்பது இல்லை, ஏக்கம். அதற்கு "ஒய்" போட்டால் வாத்தியார் கேட்பதுபோல் ஆகிவிடும்.

நிற்க என்பதும் சும்மா அலங்காரம் இல்லை. முன்னால் சொன்ன நலம் விசாரிப்பு எல்லாம் அங்கே நிற்கட்டும், இனி விஷயத்துக்கு வருகிறேன் என்பது அது. அதற்கு ஆங்கிலச் சொல் தேட வேண்டாம். ஒரு வரி இடம் விட்டாலே போதும்.

நானாக இருந்தால் இப்படி எழுதியிருப்பேன்: "திஸ் இஸ் பாட்டி. ஐ ஸ்டில் ஹாவ் யுவர் எலிஃபன்ட் பிஹைண்ட் த மிரர்." ஒரு வரி இடைவெளி. "ஈவன் இஃப் யூ ஸ்டாப் ஸ்டடியிங், யூ ஆர் மை கிராண்ட்டாட்டர். ஐ விஷ் யூ வுட் டாக் டு மீ." அந்த 'இஃப்' போதும், கேள்விப்பட்டேன் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது, ஆனால் கோள் சொன்னவன் யாரும் இல்லை. உங்களுடையதைவிடப் பதினொரு சொல்தான் கூட. முழங்காலும் கண்ணும் போகட்டும், பாட்டியிடம் சொல்லிவிட்டே விடுங்கள். அனுப்பும் முன்னால் ஆங்கிலத்தைத் தமிழில் திருப்பிச் சொல்லிக் காட்டுங்கள். எழுதி வைத்த தமிழைப் பார்த்து இல்லை, ஆங்கிலத்தை மட்டும் பார்த்து. நீங்கள் "உன்கிட்ட ஏன் சொல்லலன்னு கேட்டிருக்கேன்" என்று சொல்லியிருந்தால் பாட்டியே நிறுத்தியிருப்பார்.

கடைக்குட்டி பேரன்

இவ்வளவு நுணுக்கம் பார்த்தால் யாரும் ஒன்றும் அனுப்ப முடியாது. அந்தப் பெண் ஏற்கெனவே கோபத்தில் இருந்திருக்கலாம். எப்படி எழுதியிருந்தாலும் அதே பதில்தான் வந்திருக்கும்.

சொல் மாற்றுபவள்

இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை.

நடு வீட்டுப் பேத்தி

பாட்டி குரலையே பதிவு செய்து அனுப்பினால் என்ன? எதற்கு இவ்வளவு பாடு?

ரெட்டைச் சடை

நானும் செய்து பார்த்தேன். பாட்டிக்கு ஒலிவாங்கியைக் கண்டதும் குரல் மாறிவிடுகிறது. "நல்லா இருக்கியா, சாப்டியா" என்பதற்கு மேல் வரவில்லை. நான் எழுதுகிறேன் என்று உட்கார்ந்தால்தான் அந்தக் கடிதப் பேச்சு வருகிறது. அதோடு, எழுத்தில் இருந்தால் பிடிக்காத அன்றைக்கு மூடி வைத்துவிட்டு வேறொரு நாள் படிக்கலாம்.

மூத்த பேத்தி

நேற்று பாட்டியிடம் உட்கார்ந்து, முதலில் நான் அனுப்பியதைத் தமிழில் அப்படியே சொன்னேன். கேட்டுவிட்டு வெகு நேரம் பேசவில்லை. "நான் அதட்டினேன்னு நெனச்சிருக்குமே புள்ள" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

புதிதாக எழுதினேன். கிட்டத்தட்ட மேலே சொன்ன மாதிரிதான். ஆனால் 'ஐ விஷ்' பாட்டிக்குப் பிடிக்கவில்லை. தமிழில் சொன்னபோது "நான் ஆசப்படறேன்னு எழுதாத, அவளுக்குப் பாரமாயிடும்" என்றார். அதை எடுத்துவிட்டு "யூ கேன் டெல் மீ எனிதிங்" என்று போட்டேன். இது சரியா என்று எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை, கூடாதா என்பதில் இருக்கிற ஏக்கம் இதில் இல்லை. ஐந்தாம் வகுப்பு வரியைச் சேர்க்கலாமா என்று கேட்டேன், வேண்டாம், நேரில் வந்தால் சொல்லிக்கொள்கிறேன் என்றார். நடுவில் விட்ட இடத்தைக் காட்டி, நிற்க இங்கே இருக்கிறது பாட்டி என்றேன். அந்த வெற்று இடத்தில் விரலை வைத்துப் பார்த்தார்.

இன்று காலை பதில் வந்தது. படிப்பைப் பற்றி ஒன்றும் இல்லை. அந்த யானை நிஜமாகவே இன்னும் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருக்கிறாள். கண்ணாடியைக் கழற்றிப் படம் பிடித்து அனுப்பினேன். மடிப்பு விழுந்த இடத்தில் தும்பிக்கை கிழிந்து போயிருக்கிறது.

பாட்டி அடுத்த கடிதத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். இப்போதைக்கு 'அறிய ஆவல்' வரை வந்திருக்கிறோம்.