காசநோய் மாத்திரையும் குடியும்: பி6, பி1 பற்றி நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

தேர்வுக்குப் படிப்பவள்
ஊட்டச்சத்தும் மருந்தும் தாளுக்குப் படிக்கிறேன். காசநோய்க்கு ஐசோனியாசிட் எடுப்பவருக்கு பைரிடாக்சின் என்ற பி6, குடிநோயாளிக்கு தயமின் என்ற பி1 என்று புத்தகம் ஒரு வரியில் முடித்துவிடுகிறது. எல்லாருக்கும் ஒரு பி காம்ப்ளக்ஸ் கொடுத்தால் போதாதா? நேரில் பார்த்த அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

காசநோய்ப் பிரிவு மருந்தாளுநர்
போதாது என்பதை ஒருவரிடம் கண்ணால் பார்த்தேன். கட்டட வேலை செய்பவர், 52 கிலோ, தினமும் கூட்டு மாத்திரை நான்கு, அதாவது ஐசோனியாசிட் 300 மி.கி. கூடவே குடி, சாப்பாடு ஒரு வேளைதான். ஆறாவது வாரம் வந்தபோது, ராத்திரியில் பாதத்தை ஈரத்தரையில் வைத்தால்தான் தூக்கம் வருகிறது என்றார். எரிச்சல் இரண்டு காலிலும் ஒரே மாதிரி, விரலில் தொடங்கி மேலே ஏறியிருந்தது, கணுக்கால் அனிச்சை இல்லை. மாத்திரை அட்டைகளைக் கொட்டச் சொன்னேன். நாங்கள் கொடுத்த 10 மி.கி. பைரிடாக்சின் அப்படியே இருந்தது. சத்து மாத்திரைதானே, ஏற்கெனவே கை நிறைய மாத்திரை என்று விட்டுவிட்டாராம்.

ஐசோனியாசிட் உடம்பில் இருக்கும் பி6-ஐப் பிடித்துக்கொண்டு சிறுநீரில் இறங்குகிறது, மிச்சமிருப்பதை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் நொதியையும் தடுக்கிறது. மருந்தை மெதுவாகக் கழிக்கும் உடம்புள்ளவர்களுக்கு இது அதிகம், நம் பக்கம் பாதிக்கு மேற்பட்டவர்கள் அப்படித்தான். 1956-இல் தொடங்கிய சென்னைக் காசநோய் ஆய்வு மையமே 60-களில் பார்த்திருக்கிறது, வராமல் தடுக்க தினம் 6 மி.கி.கூடப் போதுமானதாக இருந்தது. வந்த பிறகு அந்த அளவு பத்தாது. இவருக்கு மருத்துவர் 100 மி.கி. எழுதினார், ஐசோனியாசிட்டை நிறுத்தவில்லை. எரிச்சல் குறைய மூன்று வாரம் ஆனது, மரத்துப்போன உணர்வு இன்னும் முழுதாகப் போகவில்லை.

ஜிம் பயிற்சியாளர்
நீரில் கரைகிற வைட்டமின் கூடினால் சிறுநீரில் போய்விடும், மஞ்சளாகப் போவதே அதற்குச் சாட்சி. அதனால் முதலிலேயே 500, 1000 என்று கொடுத்திருக்கலாமே?

காசநோய்ப் பிரிவு மருந்தாளுநர்
மஞ்சள் நிறம் பி2-வால் வருவது. கூடுதல் பி6 பெரும்பாலும் வெளியே போவதும் உண்மைதான், ஆனால் பாதுகாப்பு அதனால் வந்துவிடாது. தினமும் 2 முதல் 6 கிராம் வரை மாதக்கணக்கில் எடுத்தவர்களுக்குக் காலில் உணர்விழப்பும் தள்ளாட்டமும் வந்ததை 1983-லேயே எழுதியிருக்கிறார்கள். குறைந்தாலும் கால் மரக்கும், மிதமிஞ்சினாலும் கால் மரக்கும். அதனால்தான் எரிச்சல் தீரவில்லை என்று அளவை ஏற்றிக்கொண்டே போக எனக்குப் பயம்.

மகள்
அம்மாவுக்குச் சர்க்கரை, பத்து வருடமாக மெட்ஃபார்மின். பாதம் மரமரப்பு. இந்த 100 மி.கி. வாங்கிக் கொடுக்கலாமா?

காசநோய்ப் பிரிவு மருந்தாளுநர்
அம்மா கதை வேறு, அக்கா. சர்க்கரையே காரணமாக இருக்கலாம், மெட்ஃபார்மின் குறைப்பது பி12-ஐ. முதலில் பி12 ரத்தப் பரிசோதனை எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

இரவுப்பணி நர்ஸ்
தயமின் பற்றி நான் சொல்கிறேன். குடியை நிறுத்தச் சேர்ந்த ஒருவர், நாலு நாளாக வாந்தி, சோறே இறங்கவில்லை. வேறொரு இடத்தில் ஒன்றரை நாள் குளுக்கோஸ் மட்டும் ஏற்றி எங்களிடம் அனுப்பினார்கள். குளுக்கோஸ் எரிய தயமின் வேண்டும், ஒட்டியிருந்த கொஞ்சமும் அதில் தீர்ந்திருக்கும். போதை தெளியவில்லை என்று அவர் மனைவி சொன்னார். ஆனால் கடைசியாகக் குடித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கண்மணி துடித்தது, எழுப்பி நிறுத்தினால் காலை அகட்டிக்கொண்டு சாய்ந்தார். குழப்பம், கண் துடிப்பு, தள்ளாட்டம் மூன்றும் இப்படிச் சேர்ந்து தெரிவது குறைவு, குழப்பம் மட்டும் இருந்தாலே தயமின் குறைவைச் சந்தேகப்பட வேண்டும்.

மாத்திரை கொடுத்துப் பயனில்லை, குடல் ஒரு வேளைக்குச் சில மில்லிகிராம்தான் உறிஞ்சும், குடித்த குடலில் அதுவும் குறையும். 500 மி.கி. நரம்பு வழியாக, அரைமணி நேரம் சொட்டவிட்டு, நாளைக்கு மூன்று தடவை. மக்னீசியமும் குறைந்திருந்தது, அது இல்லாமல் தயமின் வேலை செய்யாது என்று அதையும் ஏற்றினோம். கண் அடுத்த நாளே சரியானது. நடைக்கு மூன்று வாரம். ஞாபகம் திரும்பவில்லை, காலையில் வந்த மகனை மதியம் ‘எப்போ வருவான்’ என்று கேட்பார்.

தேர்வுக்குப் படிப்பவள்
அப்படியானால் சர்க்கரை தாழ்ந்து மயங்கிக் கிடப்பவருக்கும் தயமின் வரும்வரை குளுக்கோஸைத் தள்ளிப்போட வேண்டுமா?

இரவுப்பணி நர்ஸ்
கூடாது, கூடாது. குளுக்கோஸை உடனே கொடுக்க வேண்டும், தயமினைக் கையோடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஆபத்து தயமின் இல்லாமல் மணிக்கணக்கில் ஏற்றுவதில்தான்.

அண்ணா, உங்கள் கட்டடத் தொழிலாளியும் குடிப்பவர்தானே, அந்த எரிச்சல் ஐசோனியாசிட்டால்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? தயமின் குறைந்தாலும் பாதம் இப்படித்தான் எரியும்.

காசநோய்ப் பிரிவு மருந்தாளுநர்
உறுதியாகச் சொல்ல முடியாது. மருந்து தொடங்கி ஆறு வாரத்தில் வந்ததை வைத்துத்தான் சந்தேகப்பட்டோம். அதே சீட்டில் தயமினும் இருந்தது, குடியையும் பாதியாகக் குறைத்திருந்தார். மூன்றில் எது வேலை செய்தது என்று பிரித்துப் பார்க்க வழியில்லை.