வசன வரி: லாக்அவுட்டுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும்

செல்வி: ஆலைப் பாதுகாப்புப் பயிற்சிக் காணொளிக்குத் தமிழ் வசன வரி எழுதுகிறேன். இயந்திரத்துக்கு வரும் ஆற்றலைத் துண்டித்து, யாரும் மறுபடி இயக்காதபடி பூட்டுவதுதான் லாக்அவுட். ‘ஆற்றல் துண்டிப்புப் பூட்டு’ என்று போட்டேன், வரி நீண்டுவிட்டது.

குமரேசன்: அகராதியில் ‘கதவடைப்பு’ இருக்கிறதே?

பாத்திமா: அது நிர்வாகம் தொழிலாளர்களை உள்ளே விடாமல் ஆலையை மூடுவது, ஐயா! இந்தக் காணொளியில் அதைப் போட்டால் சங்கத்தார் கொதித்துப் போவார்கள்.

அருள்: ‘மின்துண்டிப்பு’ போதும்.

பாத்திமா: பாதிதான் சரி. அழுத்தக் காற்றிலும் எண்ணெய் அழுத்தத்திலும் இயங்கும் பாகங்கள் மின்சாரம் போன பிறகும் நகரும். பூட்டு என்ற சொல்லும் விடுபடக்கூடாது. ஒவ்வொருவரும் தம் பூட்டைப் போட்டு, சாவியைத் தம்மிடமே வைத்திருப்பதுதான் இந்த முறையின் உயிர். ‘தடைப்பூட்டு’ என்று வைக்கலாமா? திரையில் தெரியும் பூட்டின் மேல் ஆங்கில எழுத்து இருப்பதால், முதல்முறை வரும்போது மட்டும் ‘தடைப்பூட்டு, அதாவது லாக்அவுட்’ என்று எழுதுங்கள்.

செல்வி: சொல் பிடித்திருக்கிறது. ஆனால் இந்த வரிக்கு மென்பொருள் சிவப்பு காட்டுகிறது. நொடிக்கு 17 எழுத்து என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்.

```
14
00:01:12,400 --> 00:01:14,400
அடைப்பை எடுக்கும் முன்
தடைப்பூட்டுப் போடுங்கள்
```

பாத்திமா: அது புள்ளியையும் துணைக்குறியையும் தனித்தனியே எண்ணுகிறது. இடைவெளி சேர்த்து அதன் கணக்கில் 45, அதாவது நொடிக்கு 22.5. கண் படிக்கும் எழுத்தாக எண்ணினால் 26தான், நொடிக்கு 13. வரியை வெட்டாதீர்கள். அடுத்த குரல் எப்போது தொடங்குகிறது?

செல்வி: 01:15,000இல்.

பாத்திமா: அப்படியானால் முடிவை 01:14,900க்குத் தள்ளுங்கள். 2.5 நொடி கிடைக்கும். மென்பொருள் அப்போதும் 18 என்று சிவப்பே காட்டும். எண்ணும் முறையைக் குறிப்பாக எழுதி, கோப்போடு அனுப்பிவிடுங்கள். ஆனால் காட்சி 01:14,900க்கு முன்பே மாறினால், மாறும் இடத்திலேயே வரியை முடியுங்கள். வெட்டைத் தாண்டி நிற்கும் வரியைச் சிலர் புது வரி என்று நினைத்து மறுபடி படிப்பார்கள்.

அருள்: ‘போடவும்’ என்றால் இன்னும் சுருங்குமே, மரியாதையும் குறையாது.

பாத்திமா: ஓரெழுத்துதான் மிச்சம். சுவரில் ஒட்டும் அறிவிப்புக்கு ‘-வும்’ பொருந்தும். இங்கே மேற்பார்வையாளர் வயதில் மூத்த மெக்கானிக்கின் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார், ‘போடுங்கள்’ என்பதே இயல்பு. ஆங்கிலத்தில் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார். தமிழில் பெயரை விட்டு ‘அண்ணே’ என்று எழுதினால் இடமும் மிச்சமாகும்.

குமரேசன்: ‘போடுங்க’ என்று பேச்சு வழக்கிலேயே எழுதினால்?

செல்வி: உரையாடலுக்குச் சரி. விளக்கக் குரலுக்கும் அதுவே என்றால் நிறுவனம் ஒப்புக்கொள்ளுமா தெரியவில்லை, கேட்கிறேன். பூட்டோடு தொங்கவிடும் டேக்குக்கு என்ன சொல்?

அருள்: எச்சரிக்கை அட்டை.

பாத்திமா: ‘தடையட்டை’ என்றால் தடைப்பூட்டுக்கு ஜோடியாக இருக்கும். ஆனால் சட்டென்று புரியாது. இப்போதைக்கு அருள் சொன்னதையே வையுங்கள், வேறு யாருக்காவது நல்ல சொல் தோன்றினால் மாற்றலாம்.