கிட்டிங் வேலைக்கு விலை போடுவதில் சிக்கல்

கொழும்பு கிராண்ட்பாஸில் உள்ள எங்கள் களஞ்சியத்தில் இரண்டு மாதமாகப் பரிசுப் பெட்டி கட்டுகிறோம். சோப், ஷாம்பு, துவாய் அடுக்கி, விலை ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுக்க வேண்டும். பெட்டிக்கு 18 ரூபாய் பேசினோம். ஆள்கூலி மணிக்கு 600. நிமிடத்துக்கு ஒன்று என்றால் கூலி 10 ரூபாய். ஆனால் 90 வினாடி போகிறது, கூலியே 15.

மேசையில் எல்லாம் தயாராக இருந்தபோதுதான் நேரம் பார்த்தோம். சாமான் இறக்குவது, லேபல் ரோல் மாற்றுவது, கடைசியில் எண்ணிப் பார்ப்பது எதையும் சேர்க்கவில்லை. நான்கு பேரை வரிசையாக நிறுத்தினோம், ஸ்டிக்கரை முதல் நாளே ஒட்டினோம். அப்புறமும் 80 வினாடிக்குக் கீழே இறங்கவில்லை. 200 பெட்டி மட்டும் வரும் நாட்களில்தான் பெரிய அடி.

அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்கிறோம். தொகுதிக்கு ஒரு தடவை ஆயத்தக் கட்டணம் தனியாக வாங்குபவர்கள், அதை எப்படிக் கணக்கிடுகிறீர்கள்?