ஆட்டோ பின்னாடி தீபாவளி வாசகம்: ஓடும்போது படிக்கவே முடியவில்லை, எங்கே தப்பு?

மாசிவீதி மருமகன்:
மாமாவுக்கு மதுரை விளக்குத்தூண் பக்கம் சின்ன ஜவுளிக்கடை. தீபாவளிக்கு 20 ஆட்டோவில் பின்பக்கம் ஃப்ளெக்ஸ் கட்டலாம் என்று முடிவு. அளவு 3 அடி அகலம், 2 அடி உயரம். மாமாவே உட்கார்ந்து எழுதிய வாசகம் இது:

"இந்த தீபாவளிக்கு வாங்குங்க நம்ம கடை ஜவுளி
வீடு நிறைய மகிழ்ச்சி, விலையில் 50% வரை சலுகை"

கீழே கடை பெயர், முகவரி, இரண்டு போன் நம்பர். பின்னணி சிவப்பு, அதில் சுங்குடிச் சேலை மாதிரி வெள்ளைப் புள்ளி. மாதிரிக்கு ஒன்று மட்டும் அடித்துத் தெரிந்தவர் ஆட்டோவில் கட்டினோம். பைபாஸ் ரோட்டில் பைக்கில் பின்னாலேயே போய்ப் பார்த்தேன். "தீபாவளி" என்று ஏதோ தெரிகிறது, அவ்வளவுதான். காளவாசல் சிக்னலில் நின்றபோது மட்டும் முழுசாகப் படித்தேன். மீதி 19 அடிப்பதற்குள் எதை மாற்றலாம்?

ஸ்டாண்டு அண்ணன்:
தம்பி, வண்டி வேணும்னா எங்க ஸ்டாண்டிலேயே ஏழெட்டு இருக்கு. மாச வாடகை பேசிக்கலாம். எத்தனை மாசத்துக்கு?

மாசிவீதி மருமகன்:
அண்ணே, வண்டி கிடைத்துவிட்டது. எழுத்துதான் பிரச்சினை.

ஃப்ளெக்ஸ் தம்பி:
எழுத்தைப் பெரிசாக்குங்க, நல்லா தடியான ஃபாண்ட் போடுங்க, சுற்றி வெள்ளை அவுட்லைன், அதற்கு வெளியே கறுப்பு நிழல். பளிச்சென்று நிற்கும். நான் அடிக்கிற எல்லாப் பேனரும் அப்படித்தான்.

பழைய பிரஷ்:
பெரிசாக்கச் சொன்னது சரி. மற்றது கல்யாண மண்டப வாசலுக்குச் சரி, ஓடுகிற வண்டிக்குச் சரிப்படாது. 30 வருஷம் சுவரிலும் லாரியிலும் பிரஷ் பிடித்தவன், இப்போது ஸ்டிக்கர் வெட்டுகிறேன். கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

முதலில் நேரம். ஆட்டோ 30ல் போகிறது, பைக்காரர் 40ல் வருகிறார் என்று வையுங்கள். வித்தியாசம் 10 கிலோமீட்டர்தான், அதாவது நொடிக்கு 9 அடி. 50 அடி தூரத்தில் கண்ணில் பட்டு, 15 அடியில் ஒதுங்கி முந்துகிறார். நடுவில் 4 நொடி. அந்த நாலு நொடியும் அவர் உங்கள் வாசகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எதிரே வரும் டவுன் பஸ்ஸில்தான் போய் மோதுவார். உண்மையில் கண் வந்து நிற்பது ஒன்றரை, இரண்டு நொடி. அதற்குள் மூன்று நாலு சொல் படிக்கலாம். உங்கள் வாசகத்தில் மட்டும் 13 சொல் இருக்கிறது.

அடுத்தது உயரம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குல எழுத்து என்பது எங்கள் தொழில் கணக்கு. 50 அடிக்கு 5 அங்குலம் வேண்டும். இதைத் தமிழில் அளக்கும்போதுதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். "தீ" என்று போட்டால் மேலே சுழியோடு சேர்த்து அளக்கக் கூடாது. "கு" என்றால் கீழே இறங்கும் வாலைச் சேர்க்கக் கூடாது. சுழியும் வாலும் இல்லாத வெறும் "ப" எவ்வளவு உயரம் என்று பாருங்கள், அதுதான் எழுத்தின் உயரம். உங்கள் மாதிரியில் அது எவ்வளவு?

மாசிவீதி மருமகன்:
இப்போதுதான் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். "ப" ஒன்றரை அங்குலம். டிசைன் போட்டவர் இரண்டரை என்றார், சுழியோடு சேர்த்துச் சொல்லியிருக்கிறார் போல.

பழைய பிரஷ்:
அப்படியானால் 15 அடிக்குத்தான் தெரியும். பைக்காரர் ஒதுங்குகிற இடமே அதுதான். அதனால்தான் சிக்னலில் மட்டும் படிக்க முடிந்தது.

தடிமன் விஷயம். "தள்ளுபடி" என்று ஒரு தடி ஃபாண்டில் போட்டு நாற்பது அடி தள்ளி நின்று பாருங்கள். ள் பக்கத்திலேயே ளு. இரண்டிலும் உள்ளே இருக்கிற சின்ன ஓட்டை அடைபட்டு, இரண்டும் ஒட்டி, ஈரத்தில் கை பட்ட மாதிரி ஒரு திட்டாகத் தெரியும். அவுட்லைன் போட்டால் இருக்கிற இடைவெளியையும் அது தின்றுவிடும். கோட்டின் தடிமன் "ப" உயரத்தில் ஆறில் ஒரு பங்கு போதும். 5 அங்குல எழுத்துக்கு முக்கால் அங்குலத்தை ஒட்டி. எழுத்துக்கு எழுத்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். நிழல் வேண்டவே வேண்டாம்.

ஃப்ளெக்ஸ் தம்பி:
அண்ணே, நிழல் இல்லாமல் கொடுத்தால் "என்னப்பா மொட்டையா இருக்கு"ன்னு கஸ்டமர் திருப்பி அனுப்பிடுறாங்க. அதுக்கு என்ன பண்ண?

பழைய பிரஷ்:
கஸ்டமர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிறார், அதுதான் கோளாறு. போனில் அந்த டிசைனை முக்கால் அங்குல அகலத்துக்குச் சுருக்கி, கண்ணிலிருந்து ஒரு அடி தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். 3 அடிப் பேனரை 50 அடியில் பார்ப்பதும் இதுவும் ஒன்றேதான். கட்டைவிரல் நகத்தின் அகலம் என்று ஞாபகம் வைத்துக்கொள்ளலாம். போன் வெளிச்சத்தில் எல்லாமே கொஞ்சம் தெளிவாகத்தான் தெரியும். அதிலேயே படிக்க முடியாவிட்டால் ரோட்டில் சத்தியமாக முடியாது.

சொல்வளம்:
தமிழாசிரியை நான், அதனால் மன்னிக்கவும். "இந்தத் தீபாவளிக்கு" என்று ஒற்று வர வேண்டும். 20 ஆட்டோவில் பிழையோடு ஊர் சுற்றினால் பிள்ளைகள் அதையே படித்துப் பழகும். சொல்லைக் குறைக்கிறீர்கள் என்றால் "தீபாவளித் தள்ளுபடி" போதுமே.

பழைய பிரஷ்:
டீச்சர், ஒற்றைப் பற்றி உங்களிடம் வாதாட மாட்டேன். ஆனால் அந்த இரண்டு சொல்லை 3 அடியில் ஒரே வரியில் போட்டால் எழுத்து 3 அங்குலத்துக்குக் கீழே போய்விடும். ஓரம் விட்டால் 33 அங்குலம்தான் மிச்சம். நம் எழுத்துக்கு அகலம் அதிகம், "லை", "பா" எல்லாம் இரண்டு எழுத்து இடம் கேட்கும். வரிக்கு நாலைந்து எழுத்துதான் 5 அங்குலத்தில் உட்காரும்.

மருமகன் தம்பி, ஒரு கேள்வி. 50% எதற்கு?

மாசிவீதி மருமகன்:
சுங்குடிச் சேலைக்கு மட்டும். கடையில் இருக்கிற காட்டன் சுங்குடி அத்தனையும் பாதி விலை. மற்றதெல்லாம் 10, 20. அதனால்தான் "வரை".

பழைய பிரஷ்:
அப்புறம் ஏன் அந்த "வரை"யைக் கட்டி அழுகிறீர்கள்? அதைப் பெரிசாகப் போட்டால் இடம் போகும். சின்னதாகப் போட்டால் ஓடும்போது 50% மட்டும் கண்ணில் பட்டு, கடைக்கு வந்து சண்டை பிடிப்பார்கள். மத்திய அரசு 2022ல் விளம்பரங்களுக்குக் கொண்டுவந்த நெறிமுறையே, நிபந்தனையைக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிக்கக் கூடாது என்கிறது. முழு உண்மையாக உள்ள ஒன்றை மட்டும் சொல்லிவிடுங்கள்:

சுங்குடி
பாதி விலை
விளக்குத்தூண்

நாலே சொல். முதல் வரி 5 அங்குலம் வரும், இரண்டாவது நாலேகால், மூன்றாவது 3. கடைசி வரி கிட்டே வந்தால்தான் தெரியும், பரவாயில்லை. சேலை வாங்க நினைப்பவர்களுக்கு முதல் இரண்டு வரி போதும், தலையைத் திருப்பி மூன்றாவதைத் தேடுவார்கள்.

ஸ்டாண்டு அண்ணன்:
போன வருஷம் என் வண்டியில் ஒரு கடைக்காரர் கட்டினார். நாலு மூலையில் மட்டும் கயிறு. கொஞ்சம் வேகம் எடுத்தால் நடுவில் காற்று புகுந்து பாய்மரம் மாதிரி உப்பும், கீழ் வரி மடங்கிப்போகும். நடுவிலும் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டுக் கட்டச் சொல்லுங்க. அப்புறம் ஹூட்டில் இருக்கிற பிளாஸ்டிக் ஜன்னலை மறைக்காதீங்க, பின்னாடி வர்றது தெரியாம நான் பட்ட பாடு போதும். நம்பர் பிளேட், பிரேக் லைட்டும் அப்படித்தான். ஆர்.டி.ஓ. ஆபீஸில் அனுமதியும் கேட்டுக்குங்க, விளம்பரத்துக்குன்னு தனியா இருக்கு.

மாசிவீதி மருமகன்:
மூன்று நாள் கழித்து வருகிறேன். ஜன்னலுக்குக் கீழே வருகிற மாதிரி கட்டி, நாலு சொல் பேனரைச் சோதித்தோம். நான் படித்தால் கணக்கில்லை, ஏற்கனவே தெரிந்ததைத்தான் படிப்பேன். அதனால் எதுவும் சொல்லாமல் சித்தி பெண்ணைப் பைக் பின்னால் உட்காரவைத்து, "முன்னாடி போற ஆட்டோவில் என்ன போட்டிருக்கு?" என்று கேட்டேன். தெப்பக்குளத்தைச் சுற்றி மூன்று தடவை. "பாதி விலை" உடனே சொன்னாள். "சுங்குடி"யை முதல் தடவை "கங்கு... என்னமோ குடி" என்றாள்! குடிக்கிற சமாச்சாரம் என்று நினைத்திருக்கிறாள். "விளக்குத்தூண்" கடைசிவரை வரவில்லை. எழுத்து 5 அங்குலம், அளந்துதான் அடித்தோம்.

பழைய பிரஷ்:
பின்னணியில் இன்னும் அந்தச் சேலைப் புள்ளி இருக்கிறதா?

மாசிவீதி மருமகன்:
இருக்கிறது. மாமாவுக்கு அதுதான் உயிர். வெள்ளைப் புள்ளி, எழுத்தும் வெள்ளை.

பழைய பிரஷ்:
பிடிபட்டது. "ங்" மேலே ஒரு புள்ளி, அதைச் சுற்றி நூறு சேலைப் புள்ளி. எது எழுத்தின் புள்ளி என்று கண்ணுக்கு எப்படித் தெரியும்? "விளக்குத்தூண்" இன்னும் மோசம், அதில் க், த், ண் என்று மூன்று புள்ளி. எழுத்துக்குப் பின்னால் வெறும் சிவப்பு, அதுவும் கொஞ்சம் அடர்ந்த அரக்குச் சிவப்பு. சேலைப் புள்ளி வேண்டுமென்றால் கீழ் ஓரத்தில் ஒன்றரை அங்குலப் பட்டையாக, முந்தானை மாதிரி ஓடட்டும். எழுத்தின் புள்ளியைக் கோட்டுத் தடிமனைவிடக் கொஞ்சம் பெரிசாகப் போட்டு, எழுத்திலிருந்து தள்ளி வையுங்கள். ஃபாண்டில் வருகிற புள்ளியை நம்பாதீர்கள்.

சொல்வளம்:
புள்ளி தொலைந்தால் சொல்லே தொலைந்துவிடும் என்பதை இனி வகுப்பில் இந்த ஆட்டோவை வைத்தே சொல்லலாம் போலிருக்கிறது. ஒரு சந்தேகம், தீபாவளி என்ற சொல்லே இல்லையே? பண்டிகை விற்பனை என்று எப்படித் தெரியும்?

ஃப்ளெக்ஸ் தம்பி:
அதேதான் நானும் கேட்கிறேன். தீபாவளின்னு இல்லாட்டி இது எப்பவும் இருக்கிற விலைன்னு நினைச்சுப்பாங்க, அவசரமே இருக்காது.

பழைய பிரஷ்:
தீபாவளி நெருங்கும்போது மாசி வீதியில் கால் வைக்க இடமிருக்காது, ஊருக்கே தெரியும். நான் போட மாட்டேன். ஆனால் பண்டிகை முடிந்தும் பேனரைக் கழற்றாமல் பொங்கல் வரை ஓட்டுவார்கள், அது வேறு வம்பு. கடைசித் தேதியைத் தனி ஸ்டிக்கராக ஒட்டினால் நல்லது.

மாசிவீதி மருமகன்:
புள்ளியை எடுத்துவிட்டு நேற்று மறுபடி ஓட்டினோம். இந்தத் தடவை பக்கத்து வீட்டு அக்கா. இரண்டாவது சுற்றில் மூன்று வரியும் சொன்னார், "எந்தக் கடைப்பா?" என்றும் கேட்டார். அங்கேதான் மாமா பிடித்துக்கொண்டார். விளக்குத்தூணில் எத்தனையோ ஜவுளிக்கடை, பெயர் இல்லாமல் காசு நம்முடையது, வியாபாரம் பக்கத்துக் கடைக்கா என்கிறார். போன் நம்பர் இரண்டையும் எடுத்தாயிற்று, கடை பெயரை 2 அங்குலத்தில் சிக்னலில் படிக்கிற மாதிரி கீழே வைத்தேன். அவருக்கு அது போதவில்லை.

பழைய பிரஷ்:
மாமா கேட்பதில் நியாயம் இருக்கிறது. இதே டிசைனை, அதே அரக்கு நிறம், அதே எழுத்தில், கடை வாசலில் 6 அடிக்குக் கட்டுங்கள். ஆட்டோவைப் பார்த்துவிட்டு வருகிறவர் பெயரைத் தேட மாட்டார், அந்தப் பலகையைத்தான் தேடுவார். அதற்கும் மாமா ஒப்புக்கொள்ளாவிட்டால் பத்து ஆட்டோவில் "விளக்குத்தூண்", மற்றதில் கடை பெயர் என்று ஓடவிட்டு, வருகிறவர்களிடம் எதைப் பார்த்து வந்தீர்கள் என்று கேளுங்கள்.

மாசிவீதி மருமகன்:
மீதி 19ஐ, பத்தில் "விளக்குத்தூண்", ஒன்பதில் கடை பெயர் என்று அடிக்கக் கொடுத்தாயிற்று. தீபாவளி என்ற சொல்லை மட்டும் ஸ்டிக்கரில் தேதிக்கு மேலே சின்னதாக வைத்தேன், டீச்சருக்காக. ஒரே சொல் என்பதால் ஒற்றுச் சண்டையும் இல்லை.

ஸ்டாண்டு அண்ணன்:
தம்பி, அந்தப் பாதி விலை சுங்குடி, வீட்டில் கேட்கிறாங்க. ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?