நான்கு ராம் போட்டால் EXPO-வில் பூட் ஆகவில்லை

ரைசன் 5 7600, பி650 போர்டு, டிடிஆர்5-6000 சிஎல்30 ராம், 16 ஜிபி இரண்டு. மார்ச்சில் அசெம்பிள் செய்தேன். முதல் மாதம் முழுக்க டாஸ்க் மேனேஜரில் 4800 என்றே காட்டியது, நான்தான் கவனிக்கவில்லை. பெட்டியில் போட்டிருக்கும் 6000 ராமுக்குள் பதிந்திருக்கும் ப்ரொஃபைல் மட்டுமே. பயாஸில் EXPO-வை ஆன் செய்யும்வரை போர்டு பொது வேகத்திலேயே ஓட்டும். ஆன் செய்ததும் விளையாட்டில் இருந்த சின்னச் சின்னத் திக்கல் போய்விட்டது.

மாட்கள் நிறையப் போட்ட நகரம் கட்டும் விளையாட்டில் 29 ஜிபி வரை போகிறது. அதனால் போன வாரம் அதே மாடலில் இன்னொரு ஜோடி வாங்கி, மொத்தம் 64 ஆக்கினேன். அங்கேதான் சிக்கல். EXPO ஆன் செய்தால் திரை கறுப்பு, போர்டில் டிராம் விளக்கு எரிகிறது. ஆஃப் செய்தால் பூட் ஆகிறது, ஆனால் 3600-இல்.

பயாஸை அப்டேட் செய்தேன், சிமாஸ் க்ளியர் செய்தேன், மெமரி ட்ரெய்னிங் முடியட்டும் என்று 20 நிமிடம் காத்தும் பார்த்தேன். இரண்டு ஜோடிகளையும் தனித்தனியாக ஏ2, பி2 ஸ்லாட்டில் போட்டால் 6000 ஓடுகிறது, ஆக ராம் பழுதில்லை. கையால் 5200 வைத்தால் விண்டோஸ் வருகிறது, ஆனால் மெம்டெஸ்டில் பிழை, விளையாட்டும் அரை மணியில் மூடிக்கொள்கிறது.

திருப்பிக் கொடுக்க இன்னும் மூன்று நாள்தான். நான்கு ராமையும் 5200-இலாவது நிலையாக ஓட்ட வழி இருக்கிறதா, இல்லை இரண்டு ஜோடியையும் விட்டுவிட்டு 32 ஜிபி இரண்டாக வாங்குவதுதான் சரியா?