பொருள்: பைனரி சர்ச் – இருமத் தேடலா, பாதியிட்டுத் தேடலா?

நண்பர்களுக்கு,

பைனரி சர்ச்சுக்கு "இருமத் தேடல்" என்ற சொல் புழங்குகிறது. படிப்பவர்கள் அதை 0, 1 என்ற இரும எண்களோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறார்கள். "பாதியிட்டுத் தேடல்" என்று வைக்கலாமா? அகராதியை நடுவில் பிரித்து, தேடும் சொல் முன்னால் வருமா பின்னால் வருமா என்று பார்த்து, வேண்டாத பாதியை விட்டுவிடுகிறோம். ஒரு லட்சம் சொற்களுக்கு 17 முறை பார்த்தாலே போதும்.
– செல்வி

> வேண்டாத பாதியை விட்டுவிடுகிறோம்

நல்ல சொல். ஆனால் வரிசை வேகத்துக்காகத்தானே? கலைந்த பட்டியலிலும் பாதி பாதியாகப் போகலாம், கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.
– இளங்கோ

இளங்கோ, தாமதமாகாது, சொல்லே தவறிப்போகும். நடுவில் பார்ப்பது ஒரே ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு, பார்க்காத ஐம்பதாயிரம் சொற்களை எந்தத் தைரியத்தில் ஒதுக்குகிறோம்? அவை எல்லாமே நடுச்சொல்லுக்கு ஒரே பக்கம்தான் என்று வரிசை உறுதி தருவதால்தான். அந்த உறுதி போனால், ஒதுக்கிய பாதியிலேயே சொல் கிடக்கலாம். நிரல் திரும்பிப் போய்ப் பார்க்காது. ஆகவே பெயரில் பாதியைவிட வரிசை தெரிய வேண்டும். "வரிசைவழித் தேடல்" எப்படி?
– மாணிக்கம்

மாணிக்கம் ஐயா, பெயர் பற்றிய பேச்சுக்கு நடுவே என் சிக்கலைக் கேட்கிறேன். என் செயலியில் பட்டியல் அச்சு அகராதி வரிசையில்தான் இருக்கிறது: மக்கள், மகன், மடல், மணல், மயில், மலர், மனம். "மலர்" கிடைக்கிறது, "மனம்" இல்லை என்கிறது. வரிசை இருந்தும் ஏன்?
– பர்வீன்

பர்வீன், பட்டியல் ஒரு வரிசையில் இருக்கிறது, நிரல் வேறு வரிசையில் ஒப்பிடுகிறது. நம் நெடுங்கணக்கில் ன கடைசி எழுத்து. யூனிகோடிலோ ன, ப-வுக்கு முன்பே வந்துவிடுகிறது. "மனம்" தேடும்போது முதலில் நடுவில் "மணல்". ன அதற்குப் பின், வலப்பக்கம் போகிறது, சரி. அடுத்து "மலர்". யூனிகோடுப்படி ன, ல-வுக்கு முன், அதனால் இடப்பக்கம் திரும்புகிறது. அங்கே "மயில்" மட்டும்தான். தேடல் முடிந்தது, "மனம்" ஒதுக்கிய பக்கத்தில் நிற்கிறது. "மக்கள்" தேடிப் பாருங்கள், அதுவும் கிடைக்காது. நமக்கு க் முன், க பின். யூனிகோடில் புள்ளி பின்னால் போய்விடுகிறது.

மற்ற ஐந்தும் கிடைப்பதால்தான் இந்தப் பிழை கண்ணில் படுவதில்லை. எந்த ஒப்பீட்டால் தேடுகிறீர்களோ அதே ஒப்பீட்டால் அடுத்தடுத்த சொற்களை ஒருமுறை சோதியுங்கள். மக்கள்–மகன், மலர்–மனம் என்ற இரண்டு இடங்களில் வரிசை தலைகீழாகும். பட்டியலை அடுக்குவதற்கும் தேடுவதற்கும் ஒரே விதியை வையுங்கள்.
– மாணிக்கம்

இப்போது புரிகிறது ஐயா. ஆனால் "வரிசைவழி" என்றால் முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகப் புரட்டுவது போல ஒலிக்கிறதே. நான் இன்னும் பாதியின் பக்கம்தான்.
– இளங்கோ

இரண்டும் சேர்ந்த ஒரு சொல் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள். கலைச்சொல் பட்டியலில் அந்த இடத்தை இப்போதைக்குக் காலியாக விட்டிருக்கிறேன்.
– செல்வி