உபதலை பார்சலும் படிவத்தில் ஒரு கட்டத்துக்குப் பெயரும்

குன்னூர், பள்ளி ஆசிரியை

வணக்கம். மாணவர் வீடுகளுக்குப் பயிற்சிப் புத்தகம் அனுப்புகிறோம், அதற்கான முகவரிப் படிவம் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. போன தடவை தமிழில் மட்டும் முகவரி வாங்கினோம். உபதலை மாணவி ஒருத்தியின் ஊரைக் கூரியர் கடைக்காரர் Upathalai என்று தட்டிவிட்டார். பின்கோடு சரியாக இருந்ததால் பார்சல் குன்னூர் வரை வந்துவிட்டது. அங்கே ஊர்வாரியாகப் பிரிக்கிறவரின் பட்டியலில் இருந்தது Hubbathalai. U வரிசையில் அந்த ஊரே இல்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறார், மாணவி வீட்டில் சிக்னலும் கிடைக்காததால் மூன்றாம் நாள் பார்சல் திரும்பிப் போய்விட்டது. இந்த முறை ஆங்கில எழுத்துக்குத் தனிக் கட்டம் வைக்கிறேன். அதற்கு "ஒலிபெயர்ப்பு" என்று தலைப்புப் போடலாமா?

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தபால்காரர்

டீச்சர், அந்தக் கட்டமே வேண்டாம். 1972-இல் பின்கோடு வந்ததே ஊர்ப்பெயர்க் குழப்பத்துக்காகத்தான். 643 என்றாலே நீலகிரி, கடைசி மூன்று எண் எந்த அஞ்சலகம் என்று சொல்லிவிடும். மற்றதைத் தமிழில் எழுதுங்கள், கொண்டுபோய்க் கொடுக்கிறவன் தமிழன்தானே.

ஊட்டி, மொழிபெயர்ப்பாளர்

ஐயா சொல்வது தபாலுக்குச் சரி. ஒரு எண்ணின் கீழ் பத்து ஹட்டி, அதாவது படகர் ஊர், இருந்தாலும் தபால்காரருக்கு வீடு வீடாகத் தெரியும். கூரியர் பையன் போன மாதம் வேலைக்குச் சேர்ந்தவராக இருப்பார், அவருக்குத் துணை பட்டியலும் மேப்பும்தான். அதோடு சில லேபிள் பிரிண்டர்களில் தமிழ் எழுத்துரு இருக்காது, கட்டம் கட்டமாக விழும், இல்லாவிட்டால் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் பிரிந்து நிற்கும்.

ஆனால் "ஒலிபெயர்ப்பு" என்று தலைப்பு வைத்தால் பெற்றோர் காதில் விழுகிறபடி எழுதுவார்கள், மறுபடியும் Upathalai தான் வரும். "எழுத்துப்பெயர்ப்பு" என்றால் இன்னும் மோசம். அதிகரட்டியை எழுத்துக்கு எழுத்து மாற்றினால் Athikaratti, பலகையில் இருப்பது Adigaratty. நமக்கு ஒரே க, ஒரே ட, ஒரே த. எங்கே k, எங்கே g என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. பெற்றோர் எதையும் பெயர்க்கவே கூடாது, ஏற்கெனவே நிலைத்துவிட்ட எழுத்தைப் பார்த்து அப்படியே எழுத வேண்டும். அதற்குத்தான் சொல் வேண்டும். என் பரிந்துரை: பதிவெழுத்து.

கொடைக்கானல், விடுதி நடத்துபவர்

எங்களுக்கும் இதே தொல்லைதான். நான் "சர்ச் பின்புறம், இரண்டாவது கேட்" என்று எழுதுகிறேன், பார்சல் வந்துவிடுகிறது. அதைத் தமிழில் அடையாள இடம் என்றே சொல்லலாமே?

குன்னூர், பள்ளி ஆசிரியை

அது வேறு கட்டம் அண்ணா, அதை "அருகில் உள்ளது" என்று ஏற்கெனவே போட்டாகிவிட்டது.

கோவை, தமிழ்ப் பேராசிரியர் (சொந்த ஊர் கேத்தி)

பதிவெழுத்து என்றால் சார்பதிவாளர் அலுவலகம்தான் நினைவுக்கு வரும். வழக்கெழுத்து என்று வையுங்கள்.

இன்னொன்று. ஹட்டியை அட்டி என்று எழுத "வடவெழுத்து ஒரீஇ" என்று தொல்காப்பியத்தைக் கூப்பிடுகிறார்கள், அது வடசொல்லுக்கான விதி. ஹட்டி நம் பட்டிதான். பால் கன்னடத்தில் ஹாலு ஆனது போல, பட்டி அங்கே ஹட்டி ஆனது, படகர் பேச்சிலும் அப்படியே. ஆகவே அந்த ஹகரத்தைத் தள்ளுவது தூய்மை ஆகாது, பகரத்தின் தடத்தை அழிப்பதுதான். தமிழிலும் ஹட்டி என்றே எழுத வேண்டும்.

ஊட்டி, மொழிபெயர்ப்பாளர்

ஐயா, வேர் சரி, வெள்ளிக்கிழமைக்குள் ஊர்ப்பலகைகளை மாற்ற முடியாதே. 2020-இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களின் ஆங்கில எழுத்தைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை போட்டு, சில நாளிலேயே திரும்பப் பெற்றார்கள். "வழக்கு" என்றால் பாதிப் பேருக்குக் கோர்ட்டு ஞாபகம் வரும்.

கோத்தகிரி, ஓய்வுபெற்ற தபால்காரர்

சரி, ஆங்கிலக் கட்டம் இருக்கட்டும். தமிழை மட்டும் எடுத்துவிடாதீர்கள். பேராசிரியர் ஊரையே பாருங்கள். லேபிளில் Ketti என்று இருந்தால் சமவெளிப் பையன் "கெட்டி எங்கே" என்று கேட்பான், டீக்கடையில் யாருக்கும் புரியாது. பக்கத்தில் கேத்தி என்று தமிழில் இருந்தால் வாய்விட்டுச் சரியாகக் கேட்பான், யாராவது கைகாட்டுவார்கள். உபதலை பார்சலையும் ஒருவர் சத்தமாகப் படித்திருந்தால் அன்றைக்கே வீடு சேர்ந்திருக்கும்.

குன்னூர், பள்ளி ஆசிரியை

இரண்டு வரியும் போடுகிறேன் ஐயா, லேபிளிலும் இரண்டும் வரும்படி கடைக்காரரிடம் கேட்கிறேன். நேற்று நான்கு பெற்றோரிடம் காட்டினேன். வழக்கெழுத்து யாருக்கும் பிடிபடவில்லை, பதிவெழுத்தை ஒருவர் கையெழுத்து என்று நினைத்துக்கொண்டார். "ஆதாரில் உள்ளபடி" என்றதும் எல்லோரும் அட்டையை எடுத்துவிட்டார்கள்.

ஊட்டி, மொழிபெயர்ப்பாளர்

ஆதாரில் Upathalai என்று ஏறியிருந்தால் என்ன செய்வது? ஊர்ப்பலகையில் உள்ளபடி என்று போடுங்கள். சொல்லாக வேண்டும் என்றால் நான் பதிவெழுத்துதான்.

குன்னூர், பள்ளி ஆசிரியை

"ஊர்ப்பலகையில் உள்ள ஆங்கில எழுத்து" என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அடைப்புக்குறிக்குள் பதிவெழுத்து.

கோவை, தமிழ்ப் பேராசிரியர்

அடைப்புக்குறிக்குள் இருப்பதை நான் ஏற்கவில்லை. ஹட்டி பற்றியும் யாரும் பதில் சொல்லவில்லை.